ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு?

குச்சவெளியில் சாவு குறைவு என்று பழைய அட்டவணைகள் எல்லாம் சொல்லும். நாட்டுச் சராசரியோடு வைத்தாலும், திருகோணமலைப் பட்டினத்தோடு வைத்தாலும், ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற அந்த எண் எங்கள் பக்கத்தில் சிறியதாகத்தான் இருக்கும். புள்ளிவிபர உத்தியோகத்தராக வந்த புதிதில் எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது. வாய்க்கட்டுப்பாடான மீன் சாப்பாடு, கடற்காற்று என்று அதற்குக் காரணம் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் படிப்படியாகத்தான் பிரித்துப் பார்த்தோம். பிரித்தபோது பல இடங்களில் வரிசையே தலைகீழானது. எங்கே, எப்படித் தலைகீழானது, அப்போது எந்தப் பக்கத்தை நம்ப வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

முதலில் அந்த எண் எப்படி உருவாகிறது என்று சொல்ல வேண்டும். மேலே இறப்புகள், கீழே குடித்தொகை. வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் பருமட்டான இறப்பு வீதம். பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் மேலே உள்ளதும் சிக்கல், கீழே உள்ளதும் சிக்கல்.

மேலே உள்ளதை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஒரு மரணம் நடந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதியப்படும். குச்சவெளியிலோ நிலாவெளியிலோ கும்புறுப்பிட்டியிலோ வசித்த ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் பட்டினத்துப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே உயிர் பிரிந்தால் அந்த மரணம் பட்டினத்துப் புத்தகத்தில் ஏறும். ஆள் எங்கள் குடித்தொகையில், சாவு அவர்களுடைய கணக்கில். வீட்டில் நடந்த மரணம் மட்டும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு எங்கள் பதிவாளரிடம் வரும். எங்கள் எண் சிறியதாக இருந்ததற்கும், பட்டினமும் சூழலும் பிரதேசத்தின் எண் பெரியதாக இருந்ததற்கும் இது ஒரு காரணம். மரணப் பதிவில் வதிவிட முகவரியும் எழுதப்படுவதால், பட்டினத்துப் பதிவுகளில் எங்கள் ஊர் முகவரிகளைத் தேடி எடுத்து, அவற்றை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் எண்ணுக்கு ஒரு நேர்மை வந்தது. சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் செய்யும் எந்த ஒப்பீடும் வீண்.

கீழே உள்ளது இன்னும் மோசம். 1981 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தை முழுதாக எண்ணியது 2012 நாடளாவிய கணக்கெடுப்புத்தான். 2001இல் வடக்கு கிழக்கின் பல பகுதிகளில் முழுமையாக எண்ண முடியவில்லை. இடையில் 2007இல் கிழக்கில் விசேட கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அந்த முப்பது வருடத்தில் இந்தக் கரையோரத்தில் எத்தனை இடப்பெயர்வு! 1985இல் திரியாய் மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1990இல் மறுபடியும் ஓட்டம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அந்த வருடத்தை எந்தச் சராசரியிலும் சேர்க்காமல் தனியாக வைத்தோம். சேர்த்தால் மற்ற எல்லா வருடங்களையும் அது விழுங்கிவிடும்.

மீள்குடியேற்றம் நடந்த ஊர்களில் நான் கண்ட ஒரு விடயம் பின்னால் வரும் கணக்குக்கு அவசியம். காணிக்குத் திரும்பி வந்தவர்களில் முதலில் வந்தவர்கள் வயதானவர்கள். உறுதி அவர்கள் பெயரில் இருந்தது. பனையும் வயலும் அவர்கள் மனதில் இருந்தன. பிள்ளைகள் பட்டினத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ நின்றுவிட்டார்கள். அதே காலத்தில் வீதியோரமாகவும் கரையோரமாகவும் புதிதாகக் குடும்பங்கள் பெருகிய ஊர்களும் இருந்தன. அங்கே வீட்டுக்கு நாலு பிள்ளைகள். அறுபது தாண்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே பிரதேச செயலகத்துக்குள், சைக்கிளில் போய்வரும் தூரத்தில், முற்றிலும் வேறான வயதுள்ள இரண்டு ஊர்கள்.

ஒரு திட்டமிடல் கூட்டத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை இறப்பு வீதப்படி வரிசைப்படுத்தி வைத்தார்கள். நடமாடும் மருத்துவ முகாம் எந்த ஊருக்கு என்று தீர்மானிக்க வேண்டும். மீளக்குடியேறிய பழைய ஊர் ஒன்று வரிசையின் தலையில் நின்றது. பிள்ளைகள் நிறைந்த புது ஊர் கடைசிக்குக் கிட்ட. முகாம் பழைய ஊருக்கே என்று முடிவாகும் நேரத்தில், பின்வரிசையில் இருந்த வயதான பதிவாளர் எழும்பினார்.

“அங்க வயசு போனாக்கள்தான் போய்ச் சேருறாங்க சேர். இங்க சாகிற வயசில்லாததுகள் சாகுதுகள்” என்றார்.

அவர் எந்தச் சூத்திரமும் படித்தவர் அல்ல. ஒவ்வொரு மரணத்தையும் தன் கையால் எழுதியவர். எழுதும்போது வயது என்ற கட்டத்தை நிரப்பியவர். எங்கள் அட்டவணையில் அந்தக் கட்டம் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, வயதுப்படி பிரித்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அந்தப் பிரிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்ட, கணக்கு விளங்குவதற்காக உருட்டிய எண்களை எடுக்கிறேன். இவை அந்த ஊர்களின் பதிவுகள் அல்ல. அமைப்பு மட்டும் அதே அமைப்பு.

இரண்டு ஊரிலும் ஆயிரம் ஆயிரம் பேர். ஒரு வருட இறப்பு மிகக் குறைவாக இருக்குமென்பதால் பத்து வருடத்தைச் சேர்த்து எடுக்கிறோம். ஆயிரம் பேர் பத்து வருடம் என்றால் பத்தாயிரம் ஆள்-வருடம். பழைய ஊரில் அறுபதுக்குக் கீழே 700 பேர், மேலே 300 பேர். புது ஊரில் கீழே 950, மேலே 50.

பழைய ஊரில் அறுபதுக்குக் கீழ்ப்பட்ட 7,000 ஆள்-வருடத்தில் 14 மரணம். ஆயிரத்துக்கு 2. மேற்பட்ட 3,000 ஆள்-வருடத்தில் 90 மரணம். ஆயிரத்துக்கு 30. புது ஊரில் கீழ்ப்பட்ட 9,500 ஆள்-வருடத்தில் 38 மரணம், ஆயிரத்துக்கு 4. மேற்பட்ட 500 ஆள்-வருடத்தில் 20 மரணம், ஆயிரத்துக்கு 40.

இளையவர்களை ஒப்பிட்டால் புது ஊர் மோசம், இரண்டு மடங்கு. முதியவர்களை ஒப்பிட்டாலும் புது ஊர்தான் மோசம். இப்போது கூட்டுங்கள். பழைய ஊரில் மொத்தம் 104 மரணம்: ஆயிரத்துக்கு 10.4. புது ஊரில் மொத்தம் 58: ஆயிரத்துக்கு 5.8. எந்த வயதில் பார்த்தாலும் நல்ல நிலையில் உள்ள ஊர், மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மோசமாகத் தெரிகிறது.

இதில் எந்த எண்ணும் பிழையில்லை. கூட்டலும் வகுத்தலும் சரி. நடந்தது என்னவென்றால், மொத்த வீதம் என்பது இரண்டு வயதுப் பிரிவுகளின் வீதங்களை ஊரின் ஆட்தொகைப்படி கலந்த சராசரி. பழைய ஊரில் அந்தக் கலவையில் முதியவர்களின் பங்கு நூற்றுக்கு முப்பது; புது ஊரில் நூற்றுக்கு ஐந்து. முதியவர்கள் எந்த ஊரிலும் இளையவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சாகிறார்கள். ஆகவே மொத்தத்தைத் தீர்மானித்தது ஊரின் சுகாதாரம் அல்ல, ஊரின் வயது. இந்தத் தலைகீழ் நடக்க இரண்டு விடயம் ஒன்றாக இருக்க வேண்டும்: பிரிவுகளுக்கிடையே வீதத்தில் பெரிய இடைவெளி வேண்டும், ஒப்பிடும் இரு பக்கத்திலும் அந்தப் பிரிவுகளின் பங்கு வேறாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மொத்தத்தை நம்பலாம்.

இதை நேராக்கும் வழி பழையது. இரண்டு ஊருக்கும் ஒரே வயதுக் கலவையைக் கொடுத்துப் பார்ப்பது. 2012 கணக்கெடுப்பில் இலங்கையில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்கு 12 பேரளவில் இருந்தார்கள். அந்த 88-12 கலவையை இரண்டு ஊருக்கும் போட்டால், பழைய ஊருக்கு 0.88 தரம் 2, கூட்டல் 0.12 தரம் 30, விடை 5.4. புது ஊருக்கு 0.88 தரம் 4, கூட்டல் 0.12 தரம் 40, விடை 8.3. வரிசை மாறிவிட்டது. கணினி வருவதற்கு முன் இதையெல்லாம் கல்குலேட்டரில் தட்டி, கோடு போட்ட தாளில் எழுதினோம். உண்மையான வேலையில் இரண்டு வயதுப் பிரிவு போதாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தனியாகவும் மற்றவர்களை ஐந்து ஐந்து வயதாகவும் பிரிப்பார்கள்.

அங்கேதான் அடுத்த பொறி. எவ்வளவு பிரிக்கிறோமோ அவ்வளவு எண்கள் சிறுக்கும். மேலே சொன்ன கணக்கில் புது ஊரின் முதியவர்களில் 20 மரணம். பத்து வருடத்தில் ஐந்து பேர் பிழைத்திருந்தால் 15, ஆயிரத்துக்கு 30, இரண்டு ஊரும் சமம். ஒரு சின்ன ஊரில் ஐந்து மரணம் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். ஆகவே ‘முதியவர்களிலும் புது ஊர் மோசம்’ என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இளையவர்கள் விடயம் வேறு. அங்கே 9,500 ஆள்-வருடம், 38 மரணம். பழைய ஊரின் வீதம் இருந்திருந்தால் 19தான் நடந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ‘மரணம் இருபதுக்குக் குறைந்த கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தாதே’ என்பது எனக்கு முன் இருந்த உத்தியோகத்தர் சொல்லித் தந்த கட்டுப்பாடு. பிரித்தால் உண்மை வெளிவரும் என்று நினைத்து ஊர், வயது, ஆண் பெண், தொழில் என்று பிரித்துக்கொண்டே போகிறவர் கடைசியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாவையும் பூச்சியத்தையும் வைத்துக்கொண்டு கதை சொல்ல வேண்டிவரும்.

அந்தக் கூட்டத்தின் முடிவு நடுவழியில் வந்தது. மருத்துவ முகாமில் முதியோர் சிகிச்சை பழைய ஊருக்கு. கர்ப்பிணித் தாய்மாரும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட பகுதி புது ஊருக்கு. அந்த முடிவில் இருந்த நியாயம் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது, கடைசியில் சொல்கிறேன்.

இது எங்கள் கரையோரத்து விசித்திரம் இல்லை. இலங்கை முழுவதற்கும் இதே கதை உண்டு. 1946இல் நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 20ஐ ஒட்டி இருந்தது. மலேரியாவுக்கு எதிராக டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய காலம். அடுத்த வருடமே 14ஐ ஒட்டி இறங்கியது. டி.டி.ரி.தான் காரணமா, உணவும் வைத்தியசாலைகளும் காரணமா என்று அறிஞர்கள் பல வருடம் வாதாடினார்கள். எப்படியோ, 1980 அளவில் அது 6க்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே 6தான். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் 1980க்குப் பிறகு இந்த நாட்டில் சுகாதாரம் நகரவேயில்லை என்று சொல்வார். ஆனால் 1946இல் ஆயிரம் குழந்தைகளுக்கு 141 ஆக இருந்த சிசு மரணம் 1980இல் 34 ஆகி, பிறகு பத்துக்கும் கீழே போய்விட்டது. சராசரி ஆயுள் 70 அளவிலிருந்து 75 அளவுக்கு ஏறியது. போர் ஆண்டுகளை விலக்கி இரண்டு முனைகளையும் ஒப்பிட்டால், ஏறக்குறைய எல்லா வயதிலும் சாவு குறைந்தது. மொத்தம் மட்டும் அசையவில்லை. 1981இல் அறுபது தாண்டியோர் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு, 2012இல் பன்னிரண்டு. ஒவ்வொரு வயதிலும் குறைந்ததை, வயது கூடியது ஈடுகட்டிவிட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தியாவின் மாதிரிப் பதிவு முறைமையின் 2019 அறிக்கையில் கேரளத்தின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 7.1. தமிழ்நாடு 6.1. பிகார் 5.5. இதை மட்டும் படித்தால் உயிரோடிருக்கப் பிகாருக்குப் போக வேண்டும். அதே வருடத்தில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 15, பிகாரில் 29. 2011 கணக்கெடுப்பில் அறுபது தாண்டியோர் கேரளத்தில் நூற்றுக்கு 12.6, பிகாரில் 7.4. கேரளத்துக்காரர் வயதாகி இறக்கிறார்கள். அந்த மாநிலத்தின் எண் பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம், முன்பு இளவயதில் இறந்திருக்கக்கூடியவர்கள் இறக்காமல் முதுமைக்கு வந்து சேர்ந்ததுதான்.

வயது மட்டுமே இந்த வேலையைச் செய்யும் என்றில்லை. சுகாதாரப் பக்கத்தோடு சேர்ந்து வேலை செய்த காலத்தில் இன்னொரு வகையைக் கண்டேன். சின்ன வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட நூறு பேருக்கு இறப்பு மிகக் குறைவு. பெரிய வைத்தியசாலையில் அதிகம். ஒரு புதிய அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சின்ன வைத்தியசாலையைப் பாராட்டப் போனார். அங்கிருந்த தாதி ஒருவர் சிரித்துக்கொண்டு, “கடும் வருத்தக்காரரை நாங்க வச்சிருக்கிறதே இல்ல சேர், அம்புலன்ஸ்ல ஏத்தி விட்டிருவம்” என்றார். நெஞ்சுவலியும் பாம்புக்கடியும் சிக்கலான பிரசவமும் பட்டினத்துக்குப் போகும். காய்ச்சலும் தடிமனும் இங்கே நிற்கும். வருத்தத்தின் கடுமைப்படி பிரிக்காமல் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்துவது, கடினமான வேலையை ஏற்பவரைத் தண்டிப்பதாகவே முடியும்.

மருத்துவத்தில் இதற்கு அச்சில் வந்த உதாரணம் 1986இல் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வு. லண்டனில் 350 பேருக்குத் திறந்த அறுவை செய்ததில் நூற்றுக்கு 78 பேருக்கு வெற்றி. தோலில் துளையிட்டுக் கல்லை எடுக்கும் புதிய முறை செய்த 350 பேரில் 83. புதியது நல்லது போலத் தெரிகிறது. கல்லின் அளவைப் பார்த்துப் பிரித்தால், சின்னக் கல்லில் அறுவை 93, துளை 87. பெரிய கல்லில் அறுவை 73, துளை 69. இரண்டிலும் பழைய முறைதான் மேல். பெரிய கல் வந்தவர்களில் 263 பேர் அறுவைக்கும் 80 பேர் மட்டுமே துளைக்கும் போயிருந்தார்கள். புதிய முறைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சின்னக் கற்கள். எங்கள் அம்புலன்ஸ் கணக்கும் லண்டன் கல் கணக்கும் ஒன்றே.

இந்தப் புதிருக்கு ஒட்டிய பெயர் எட்வர்ட் சிம்சன் என்ற ஆங்கிலேயருடையது. இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் குழுவில் இருந்தவர். 1951இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். இந்தத் தலைகீழை முதலில் கண்டவர் அவர் அல்ல. 1903இலேயே யூல் எழுதியிருந்தார். 1934இல் கோகனும் நாகலும் தங்கள் தர்க்கப் பாடநூலில் 1910ஆம் ஆண்டின் காசநோய் மரணங்களைக் காட்டினார்கள்: ரிச்மண்ட் நகரில் வெள்ளையரிடையே வீதம் நியூயோர்க்கைவிடக் குறைவு, கறுப்பின மக்களிடையேயும் குறைவு, மொத்தத்தில் அதிகம். சிம்சனின் பெயரை ஒட்டியவர் 1972இல் பிளைத். ஆனால் சிம்சனின் கட்டுரையில் மற்றவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. அதைப் படித்த பிறகுதான் என் தொழிலைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு வந்தது.

அவர் ஐம்பத்திரண்டு என்ற ஒரே மொத்தத்தை, ஒரே கட்டங்களில், இரண்டு கதையாகச் சொன்னார். முதல் கதையில் ஒரு குழந்தை விளையாடி அழுக்காக்கிய சீட்டுக்கட்டு. சிவப்பா கறுப்பா, படச்சீட்டா எண்சீட்டா, அழுக்கா சுத்தமா என்று பிரிக்கிறார். படச்சீட்டுக்கும் நிறத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்பது கேள்வி. அழுக்குப்படி பிரித்தால் தொடர்பு இருப்பது போலத் தெரியும். மொத்தத்தில் எதுவும் இல்லை. இங்கே மொத்தம்தான் சரி. அழுக்கைக் கொண்டு பிரிப்பதில் பொருளில்லை. இரண்டாவது கதையில் அதே எண்கள், ஒரு சிகிச்சை. ஆண்களில் சிகிச்சை பெற்ற 13 பேரில் 8 பேர் பிழைத்தார்கள், பெறாத 7 பேரில் 4 பேர். பெண்களில் பெற்ற 27 பேரில் 12, பெறாத 5 பேரில் 2. இரு பாலாரிலும் சிகிச்சை கொஞ்சம் உதவியிருக்கிறது. கூட்டினால் 40 பேரில் 20, 12 பேரில் 6. இரண்டும் சரி பாதி, சிகிச்சையால் பயனே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் உதவிய மருந்து மனிதருக்கு உதவாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே பிரித்ததுதான் சரி.

எண்கள் ஒன்றே. எதை நம்புவது என்று எண்களுக்குத் தெரியாது. அந்தப் பிரிவு எப்படி உண்டானது என்ற கதைக்குத்தான் தெரியும். இதை நான் வேலையில் பயன்படுத்திய விதம் இப்படி: பிரிக்க எடுக்கும் குணம், நான் எடைபோட வந்த காரியத்துக்கு முன்பே இருந்ததா, அதன் பிறகு அதனால் வந்ததா என்று முதலில் கேட்பேன். வயது, ஊரின் சுகாதாரச் சேவைக்கு முந்தியது. நோயாளியின் கடுமை, அவர் எந்த வைத்தியசாலைக்குப் போனார் என்பதற்கு முந்தியது. கல்லின் அளவு சிகிச்சைக்கு முந்தியது. இவற்றால் பிரிக்க வேண்டும்.

பிந்தியதால் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குத் திரிபோஷாவை எடுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குச் சுகாதாரப் பணிமனையூடாகக் கொடுக்கும் சத்துமாவு. எழுபதுகளிலிருந்து நாட்டில் உண்டு. ஒழுங்காக வாங்கிச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் எவ்வளவு பிழைத்தன, சாப்பிடாதவர்களின் குழந்தைகள் எவ்வளவு பிழைத்தன என்று பார்க்க வேண்டும் என்று வைப்போம். மருத்துவமாதின் புத்தகத்தில் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையும் இருக்கிறது. கை தானாகவே அந்த நிரலுக்குப் போகும்: இரண்டரைக் கிலோவுக்குக் கீழ், மேல் என்று பிரித்துப் பார்ப்போமே என்று. பிரித்தால் சத்துமாவின் பயன் மங்கிவிடும், சிலவேளை தலைகீழாகவும் தெரியும். அந்த மாவு செய்யும் வேலையே குழந்தையின் நிறையைக் கூட்டுவது. நிறையைச் சமப்படுத்திவிட்டு மாவின் பயனைத் தேடினால், வேலையின் பலனைக் கழித்துவிட்டு வேலை நடந்ததா என்று கேட்பதாகும். அமெரிக்காவில் புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளை நிறைப்படி பிரித்த யெருஷால்மி, நிறை குறைந்த குழந்தைகளில் புகைபிடிக்காத தாய்மாருடையவைதான் அதிகம் இறந்தன என்று கண்டதும் இந்தப் பொறிதான். புகையால் நிறை குறைந்த குழந்தையும், அதைவிடக் கொடிய காரணத்தால் நிறை குறைந்த குழந்தையும் ஒரே கட்டத்தில் விழுந்திருந்தன. அதை வைத்துப் புகை நல்லது என்று சொல்வதற்கில்லை. திரிபோஷாவுக்குப் பிறப்பு நிறையால் பிரிக்கக்கூடாது; ஆனால் தாயின் வயது, இது எத்தனையாவது பிள்ளை, குடும்பத்தின் வருமானம் ஆகியவற்றால் பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். அவை மாவுக்கு முந்தியவை.

அப்படியானால் ஆயிரத்துக்கு 10.4 என்ற மொத்தத்தைத் தூக்கி எறிய வேண்டுமா? இல்லை. பழைய ஊரில் வருடத்துக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள் என்பது உண்மையான பத்து. மையவாடிக்கு எவ்வளவு நிலம் வேண்டும், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போகும் உத்தியோகத்தர் எத்தனை பேர் வேண்டும், சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மாதம் எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கேள்விகளுக்கு அந்த மொத்தம்தான் விடை. வயதைச் சமப்படுத்திய 5.4இல் ஒருவரும் சாவதில்லை. அது ஒப்பிடுவதற்காகச் செய்த எண். ஆனால் எந்த ஊரில் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம் என்று கேட்டால் மொத்தம் உதவாது. முகாமை இரண்டாகப் பிரித்த அன்றைய முடிவு சரியானதற்குக் காரணம் இதுதான். சுமை எங்கே என்பது ஒரு கேள்வி, ஆபத்து எங்கே என்பது இன்னொரு கேள்வி. ஒரே அட்டவணையில் இரண்டுக்கும் விடை தேடியதுதான் கூட்டத்தின் குழப்பம்.

இனி இது குறையப் போவதில்லை. நாடு வேகமாக வயதாகிறது. இறப்பு வீதம் 6ஐத் தாண்டி ஏறத் தொடங்கியாயிற்று. வரும் வருடங்களில் இன்னும் ஏறும். நாங்கள் மருத்துவத்தில் ஒன்றும் பிழைவிடாமல் இருந்தாலும் ஏறும். ‘சாவு கூடுகிறது’ என்று பத்திரிகையில் தலைப்பு வரும். குச்சவெளியிலும் இன்றைய புது ஊர்களின் பிள்ளைகள் ஒரு காலத்தில் அறுபது தாண்டுவார்கள், அப்போது அவர்களுடைய எண்ணும் பெருக்கும்.

எனக்குப் பின் அந்த மேசைக்கு வருபவருக்கு நான் சொல்லி விட்டுவந்தது மூன்று வேலை. மரணத்தை வதிவிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வீதத்துக்குப் பக்கத்தில் எப்போதும் அறுபது தாண்டியோரின் பங்கை ஒரு நிரலாக அச்சிட வேண்டும். அந்த நிரல் ஊருக்கு ஊர் ஒன்றாக இருந்தால் வரிசையை நம்பலாம், பெரிதாக வேறுபட்டால் வயதைப் பிரிக்காமல் வரிசைப்படுத்தக்கூடாது. மூன்றாவது, அட்டவணைக்குக் கீழே ஒரு வரி: இது சுமையைக் காட்டும் அட்டவணையா, ஆபத்தைக் காட்டும் அட்டவணையா என்று எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரியை எழுத உட்காரும்போதே, எதைப் பிரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.